நீங்க எந்த ஸ்டார் மாதிரி இருக்கீங்க? முகத்தைக் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

(மண்ணூரில் நடந்த நமது தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில், அணியின் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கடைசி வரை படியுங்கள். வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் பகிருங்கள்.)



நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுத் தூங்காம நேரா வந்திருக்கிற தோழர்களுக்கும், ஹாஸ்டல்ல அனுமதி வாங்கிட்டு வந்திருக்கிற அக்கா தங்கைகளுக்கும் தனி வணக்கம். நேரத்தை வீணாக்காம விஷயத்துக்கு வந்துடுறேன்.

போன மாசம் நம்ம ஒன்றிய வாட்ஸ்அப் குழுவுல ஒரு லிங்க் வந்துச்சு. "நீங்கள் எந்த சினிமா நட்சத்திரம் போல இருக்கிறீர்கள்? ஒரு செல்ஃபி போதும்." ரெண்டு மணி நேரத்துல நாற்பது பேர் அவங்கவங்க ரிசல்ட்டைப் போட்டுட்டாங்க. ஒருத்தர் சூர்யா, ஒருத்தர் மாதவன், நம்ம கிளைச் செயலாளர் அண்ணன் அரவிந்த்சாமி. குழுவே கலகலப்பா இருந்துச்சு. நானும் சிரிச்சேன், மறுக்கல.

மறுநாள் நம்ம அணியில ஒரு யோசனை வந்துச்சு. "இதே மாதிரி நாமளும் ஒண்ணு செய்வோம். நீங்க எந்தத் தலைவர் மாதிரின்னு காட்டுவோம். செல்ஃபியோட போன் நம்பர், பூத் நம்பர் வாங்கிக்கலாம். உறுப்பினர் சேர்க்கைக்கு ஒரே வாரத்துல லிஸ்ட் ரெடி." செஞ்சு தர முடியுமான்னு என்கிட்டதான் கேட்டாங்க. முடியும், ரெண்டு நாள் வேலைதான். ஆனா செய்யக் கூடாதுன்னு சொன்னேன். ஏன்னு எல்லார் முன்னாடியும் சொல்லச் சொன்னாங்க. அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

முதல்ல, அந்த ஆப் உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.

நான் இன்ஜினியரிங் கடைசி வருஷத்துல முகத்தை வெச்சு அட்டெண்டன்ஸ் போடுற ப்ராஜெக்ட் செஞ்சேன். டிலிப்னு இலவசமா கிடைக்கிற ஒரு மென்பொருள் தொகுப்புதான் பயன்படுத்தினோம். நீங்க செல்ஃபி கொடுத்ததும் கம்ப்யூட்டர் முதல்ல படத்துல முகம் எங்க இருக்குன்னு தேடும். அப்புறம் கண், மூக்கு, வாய் இருக்கிற இடங்களைக் குறிச்சு, சாய்ஞ்சிருக்கிற முகத்தை நேராக்கும். கடைசியா அந்த முகத்தை 128 எண்களா மாத்தும். அந்த 128 எண்கள்தான் கம்ப்யூட்டருக்கு உங்க முகம். நீங்க தாடி வெச்சாலும் கண்ணாடி போட்டாலும் அந்த எண்கள் பெரும்பாலும் பழைய எண்களுக்குப் பக்கத்துலயேதான் வரும். அதுக்காகத்தான் அப்படி வடிவமைச்சிருக்காங்க.

இப்போ ரெண்டு முகத்தோட எண்களை எடுத்து, ரெண்டுக்கும் எவ்வளவு தூரம்னு கணக்குப் போடணும். டிலிப்ல தூரம் 0.6-க்குக் கீழ வந்தா ஒரே ஆள்னு எடுத்துப்போம், மேல போனா வேற ஆள். அட்டெண்டன்ஸ் மெஷின் செய்யறது இதுதான். உங்க கம்பெனி கேட்ல இருக்கிற மெஷினோட அடிப்படையும் இதுதான்.

சினிமா ஸ்டார் ஆப்ல இதே கணக்குல ஒரே ஒரு மாற்றம்தான். அங்க 0.6 மாதிரி எல்லைக்கோடு கிடையாது. லிஸ்ட்ல இருக்கிற நடிகர்கள்ல யார் குறைஞ்ச தூரத்துல இருக்காரோ அவரைக் காட்டிடும். அட்டெண்டன்ஸ் மெஷின் "ஆள் பொருந்தவில்லை"ன்னு சொல்லும். ஸ்டார் ஆப் அப்படி ஒரு நாளும் சொல்லாது. அதனாலதான் எல்லாருக்கும் ஒரு ஸ்டார் கிடைக்கிறாங்க.

சதவீதம் எப்படி வருதுன்னும் சொல்லிடுறேன். ப்ராஜெக்ட் சமயத்துல விளையாட்டா இருபது நடிகர்கள் படத்தைப் போட்டு என் நண்பன் முகத்தை ஒப்பிட்டோம். பக்கத்துல இருந்த நடிகரோட தூரமே 0.7. அதாவது, வேற ஆள்னு கம்ப்யூட்டர் தெளிவா சொல்லுது. ஒண்ணுல இருந்து 0.7-ஐக் கழிச்சுக் காட்டினோம், 30 சதவீதம் வந்துச்சு. நண்பன் முகம் சுருங்கிப் போச்சு. அதே 0.7-ஐ ஏழால வகுத்துட்டுக் கழிச்சோம், 90 சதவீதம் ஆயிடுச்சு. பய ஒரு வாரம் காலரைத் தூக்கி விட்டுட்டுத் திரிஞ்சான். முகமும் மாறல, நடிகரும் மாறல, நாங்க சூத்திரத்தைத்தான் மாத்தினோம்.

சில லிங்க்ல இந்தக் கணக்குகூட நடக்காது. நீங்க ஆணா பெண்ணான்னு கேட்டுட்டு ஏதோ ஒரு நடிகர் பேரைப் போட்டுடும். சந்தேகம் இருந்தா முகத்துக்குப் பதிலா ஒரு சுவர் படத்தைக் கொடுத்துப் பாருங்க. அதுக்கும் ஒரு ஸ்டார் வந்தா, அந்த லிங்க் உங்க முகத்தைப் பார்க்கவே இல்லைன்னு அர்த்தம். ஆனா படம் அவங்க சர்வருக்குப் போயிருக்கும்.

சரி, 128 எண் போனா என்ன குடி முழுகிப் போகும்னு கேட்பீங்க. அளவைப் பாருங்க. ஒரு எண்ணுக்கு 8 பைட்னு வெச்சா 128 எண்ணுக்கு 1,024 பைட், அதாவது ஒரு கேபி. ஒரு லட்சம் பேர் முகம் சுமார் 100 எம்பிதான். நம்ம ஒன்றியத்து ஜனங்க முகம் மொத்தமும் ஒரு மெமரி கார்டுல ஒரு மூலையில அடங்கிடும். வெச்சுக்கிறதுக்குச் செலவே இல்லை, அதனால அழிக்கணும்னு யாருக்கும் அவசரமும் இல்லை. பாஸ்வேர்டு திருடு போனா மாத்திக்கலாம். முகத்தை எங்க போய் மாத்துறது?

இதை நான் சொன்னப்போ நம்ம மகளிர் அணி அக்கா ஒருத்தங்க கேட்டாங்க. "தம்பி, நான் அந்த ஆப்பை அன்னைக்கே டெலிட் பண்ணிட்டேனே, போதாதா?" நல்ல கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல அமெரிக்காவுல நடந்த ஒரு உண்மையான வழக்கு இருக்கு.

எவர்னு ஒரு ஆப். போன்ல இருக்கிற போட்டோக்களைச் சேமிச்சு வெச்சுத் தர்றதா 2015-ல இருந்து நடந்துச்சு. உலகம் முழுக்க சுமார் 1.2 கோடி பேர் பயன்படுத்தினாங்க. 2017 பிப்ரவரியில "ஃப்ரெண்ட்ஸ்"னு ஒரு வசதி கொண்டு வந்தாங்க. ஒரே ஆளோட படங்களை எல்லாம் ஆப் தானாவே ஒண்ணாச் சேர்த்துக் காட்டும். பார்க்க ஜாலியான வசதி. ஆனா அதுக்கு எல்லார் முகத்தையும் எண்ணா மாத்தியாகணும்.

அந்த வருஷம் செப்டம்பர்ல இருந்து 2019 ஆகஸ்ட் வரைக்கும், மக்கள் நம்பிக் கொடுத்த படங்கள்ல இருந்து லட்சக்கணக்கான முகங்களை வெட்டி எடுத்து, பொதுவெளியில கிடைக்கிற முகத் தொகுப்புகளோட சேர்த்து, அந்த நிறுவனம் சொந்தமா முகம் அறியும் தொழில்நுட்பத்தை வளர்த்துக்கிச்சு. அதை பாராவிஷன்ங்கிற பேர்ல மற்ற நிறுவனங்களுக்கு விற்பனைக்கும் வெச்சாங்க. கல்யாண ஆல்பத்தைச் சேமிச்சு வெச்சவங்களுக்கு, தன் வீட்டு முகங்களை வெச்சு ஒரு கண்காணிப்புச் சரக்கு தயாராகுதுன்னு தெரியாது.

2021 ஜனவரியில அமெரிக்காவோட மத்திய வர்த்தக ஆணையம் இந்த விவகாரத்தை வெளியில கொண்டு வந்துச்சு. ரெண்டு குற்றச்சாட்டைக் கவனிங்க.

ஒண்ணு, கணக்கை மூடிட்டா படங்களை அழிச்சிடுவோம்னு சொல்லியிருந்தாங்க. குறைஞ்சது 2019 அக்டோபர் வரைக்கும் அழிக்கவே இல்லை. அக்கா, உங்க கேள்விக்குப் பதில் இதுதான். நீங்க டெலிட் பண்றது உங்க போன்ல இருக்கிற ஆப்பை. அவங்க சர்வர்ல மூணு பொருள் இருக்கும். உங்க படம், அதுல இருந்து எடுத்த எண்கள், அந்த முகங்களை வெச்சுப் பயிற்சி கொடுத்த மாடல். படத்தை அழிச்சாலும் எண்கள் இருக்கலாம், எண்களை அழிச்சாலும் மாடல் இருக்கும். காப்பித்தூளை வடிகட்டி எறிஞ்சிட்டாலும் டம்ளர்ல டிகாக்ஷன் இருக்கிற மாதிரி. அதனாலதான் அந்த ஆணையம் படத்தை மட்டும் இல்லாம எண்களையும், அந்தப் படங்களை வெச்சு உருவாக்கின மாடல்களையும் சேர்த்து அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு.

ரெண்டாவது குற்றச்சாட்டு நம்மளைப் பத்தினது. 2018 மே மாசத்துல இருந்து இலினாய்ஸ், டெக்சாஸ், வாஷிங்டன் மாநிலங்கள்லயும் ஐரோப்பிய ஒன்றியத்துலயும் இருந்தவங்ககிட்ட மட்டும், "உங்க முகத்தை அடையாளம் காணலாமா?"ன்னு அனுமதி கேட்டாங்க. மத்தவங்களுக்கு 2019 ஏப்ரல் வரைக்கும் அது தானாவே ஓடுச்சு, நிறுத்துற வழியும் கொடுக்கல. அந்த இடங்கள்ல முகத்துக்குக் காவலா சட்டம் இருந்துச்சு, அங்க கேட்டாங்க. சட்டம் இல்லாத ஊர்ல கேட்கல. அதே 2018 ஜனவரியில, உங்க செல்ஃபி எந்த ஓவியம் மாதிரி இருக்குன்னு காட்டுற வசதியை கூகுள் தன்னோட கலை ஆப்ல விட்டப்போகூட, இலினாய்ஸ்லயும் டெக்சாஸ்லயும் அது வேலை செய்யல. ஆக, சட்டம் எங்க இருக்கு, எங்க இல்லைன்னு கம்பெனிகளுக்குத் துல்லியமா தெரியும்.

நம்ம நாட்டுல என்ன சட்டம் இருக்கு? 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அதுல நல்ல விஷயங்கள் இருக்கு. எதுக்காக வாங்குறோம்னு சொல்லித்தான் சம்மதம் வாங்கணும். கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கலாம், அழிக்கச் சொல்லலாம். 18 வயசுக்குக் கீழ இருந்தா பெற்றோர் சம்மதம் வேணும். தரவைப் பாதுகாக்கத் தவறினா 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு. நிறுவனங்கள் மேல இருக்கிற பெரும்பாலான கடமைகள் அதுல இருந்து 18 மாசம் கழிச்சுத்தான் நடைமுறைக்கு வரும்.

அந்தச் சட்டத்துல ரெண்டு ஓட்டை நமக்குத் தெரிஞ்சிருக்கணும். முகம், கைரேகை மாதிரி உடல் அடையாளங்களுக்குத் தனியா கூடுதல் பாதுகாப்பு எதுவும் அதுல இல்லை. போன் நம்பருக்கு என்ன விதியோ அதேதான் முகத்துக்கும். இன்னொண்ணு, நீங்களே பொதுவுல வெளியிட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இப்போ யோசிச்சுப் பாருங்க. ஆப் கொடுத்த ரிசல்ட்டை, நம்ம முகமும் நடிகர் முகமும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற அந்தப் படத்தை, பேரோட பொதுவா ஷேர் பண்றோம். நல்ல வெளிச்சத்துல, நேரா பார்த்து எடுத்த படம், பக்கத்துலயே சொந்தப் பேர். அதை யார் எடுத்தாலும் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேள்வி கேட்க முடியாது. கிளியர்வியூங்கிற அமெரிக்க நிறுவனம் இப்படிப் பொதுவெளியில கிடந்த படங்களைத்தான் 300 கோடிக்கு மேல அள்ளி, போலீஸுக்குத் தேடல் கருவி செஞ்சு கொடுத்ததா 2020-ல வெளியே வந்துச்சு.

அரசாங்கத்துக்கிட்ட இருக்கிற முகத் தரவே பத்திரமா இருக்குன்னு சொல்ல முடியல. 2024 மே மாசம் தமிழ்நாடு காவல்துறையோட முகம் அறியும் தளத்துக்குள்ள வெளியாள் நுழைஞ்ச செய்தி வந்துச்சு. ஒரு நிர்வாகக் கணக்கோட பாஸ்வேர்டு வெளியே போனதுதான் காரணம்னும், அந்தக் கணக்குக்குக் குறைவான அதிகாரம்தான்னும் காவல்துறை சொன்னது. அதை இங்க சொல்றது அரசியலுக்காக இல்லை. காவல்துறை பூட்டி வெச்ச இடத்துக்கே ஒரு பாஸ்வேர்டு போதும்னா, விலாசமே இல்லாத ஒரு செல்ஃபி ஆப்போட சர்வருக்கு என்ன காவல் இருக்கும்?

மண்ணூர்ல உக்காந்து இதை ஏன் பேசணும்? ஒரகடத்துலயும் இருங்காட்டுக்கோட்டையிலயும் வேலை செய்யறவங்களைவிட முகத்தைச் சாவியா பயன்படுத்துறவங்க குறைவு. கேட்ல முகம், கேன்டீன்ல முகம். 2025 ஆகஸ்ட் 1-ல இருந்து புதுசா வேலைக்குச் சேர்றவங்க பிஎஃப் கணக்கு எண் எடுக்கணும்னா, பெரும்பாலும் உமங் ஆப்ல முகம் காட்டித்தான் எடுக்கணும். ஒப்பந்தத் தொழிலாளி வருஷத்துக்கு ரெண்டு கம்பெனி மாறுறாரு, ஒவ்வொரு இடத்துலயும் முகம் பதியுறாரு.

பயமுறுத்துறதுக்காகப் பொய் சொல்லக் கூடாது. ஸ்டார் ஆப்புக்கு ஒரு செல்ஃபி கொடுத்ததாலேயே உங்க பிஎஃப் பணம் போயிடாது. ஆதார் முகச் சோதனை, எதிர்ல உயிருள்ள ஆள்தான் இருக்காரான்னு கண் சிமிட்டச் சொல்லிப் பார்க்கும். ஒரு போட்டோவைக் காட்டி ஏமாத்துறது சுலபம் இல்லை. ஆனா விலை குறைஞ்ச மெஷின்கள் எல்லாம் அப்படிப் பார்க்கிறது இல்லை. எங்க ப்ராஜெக்ட் மெஷினையே போன்ல ஒரு போட்டோவைக் காட்டி ஏமாத்தினோம். இன்னைக்குப் போட்டோ, நாளைக்கு அந்தப் போட்டோவைக் கண் சிமிட்ட வைக்கிற வீடியோ. முகம் ஒருமுறை வெளியே போனா அது பல வருஷம் வெளியேதான் இருக்கும்.

என்ன செய்யலாம்? நாலு விஷயம் மட்டும் சொல்றேன்.

இந்த மாதிரி ஆப் ஆசைப்பட்டுப் போட்டுட்டீங்கன்னா, முதல்ல போனை ஏரோப்ளேன் மோடுல வெச்சுட்டு ஓட்டிப் பாருங்க. அப்பவும் ரிசல்ட் வந்தா கணக்கு உங்க போனுக்குள்ளயே நடக்குது. வரலைன்னா உங்க முகம் வெளியே போக வாய்ப்பு அதிகம். நெட் ஆன் பண்ணதுக்கு அப்புறமும் அனுப்பலாம், அதனால இது முதல் சோதனை மட்டும்தான்.

அடுத்து, ப்ளே ஸ்டோர்ல அந்த ஆப் பக்கத்துல Data safety-ன்னு ஒரு பகுதி இருக்கும். தொட்டுப் பாருங்க. போட்டோவைச் சேகரிக்கிறாங்களா, மத்தவங்களோட பகிர்றாங்களா, அழிக்கச் சொல்லிக் கேட்க முடியுமான்னு அதுல இருக்கும். அது அந்தக் கம்பெனி தன்னைப் பத்தித் தானே எழுதிக்கிறது. அதனால அதுல "சேகரிக்கிறோம்"னு இருந்தா நம்புங்க, "சேகரிக்கல"ன்னு இருந்தா பாதி நம்புங்க.

மூணாவது, கேலரி அனுமதி கேட்டா மொத்தத்தையும் திறந்து விடாதீங்க. புது ஆண்ட்ராய்டு போன்ல Allow limited access-ன்னு வரும். அதைத் தொட்டா நீங்க தேர்ந்தெடுத்த படம் மட்டும்தான் போகும். கேலரியில குழந்தை படம் இருக்கு, ஆதார் கார்டு படம் இருக்கு, சம்பளச் சீட்டு இருக்கு. ஒரு சினிமா ஸ்டார் பேருக்கு அது எல்லாம் விலையா?

கடைசியா, ஏற்கெனவே கொடுத்தவங்க ஆப்பைத் தூக்குறதுக்கு முன்னாடி, அதுக்குள்ளயே கணக்கை அழிக்கிற வழி இருக்கான்னு பார்த்து அழிங்க. பிரைவசி பாலிசியில இருக்கிற மெயிலுக்கு, "என் படத்தையும் அதுல இருந்து எடுத்த முகத் தரவையும் அழியுங்கள்"னு ஒரு வரி எழுதுங்க. முகத் தரவுன்னு தனியா எழுதணும், அதான் முக்கியம். பதில் வராமப் போகலாம். ஆனா நாளைக்குப் புகார் கொடுக்கணும்னா அந்த மெயில்தான் உங்க கையில இருக்கிற ஆதாரம்.

இப்போ நம்ம கட்சி விஷயம். "எந்தத் தலைவர் மாதிரி"ங்கிற ஆப்பை ஏன் வேண்டாம்னு சொன்னேன்?

2018-ல கேம்ப்ரிட்ஜ் அனலிடிகா விவகாரம் ஞாபகம் இருக்கும். ஃபேஸ்புக்ல ஒரு குணநலன் வினாடி வினா. விளையாட்டா பதில் சொன்னவங்க தகவல் அரசியல் பிரச்சாரக் கம்பெனிக்குப் போச்சு. இந்தியாவுல அந்த ஆப்பைப் போட்டவங்க வெறும் 335 பேர். அவங்க நண்பர்களையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டிருக்கலாம்னு ஃபேஸ்புக்கே சொன்ன கணக்கு 5,62,455 பேர். விளையாட்டைக் காட்டி அரசியலுக்குத் தகவல் எடுத்தா மக்கள் அதுக்கு என்ன பேர் வெப்பாங்கன்னு நமக்குத் தெரியும்.

நம்ம லிஸ்ட்ல முகம், போன் நம்பர், பூத் நம்பர் மூணும் ஒரே வரியில இருக்கும். கட்சிக் கூட்டத்துல எடுத்த ஒரு போட்டோவை வெச்சு, அதுல இருக்கிறவர் யார், எந்த பூத், எந்த நம்பர்னு அந்த லிஸ்ட்டை வெச்சிருக்கிற எவனும் கண்டுபிடிச்சிடலாம். கம்பெனி ஹெச்ஆர் கையில கிடைச்சா? சங்கம் அமைக்கப் போன தொழிலாளி முகம் அதுல இருந்தா? நம்மளை நம்பி வந்தவரை நாமளே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். அதை ஒரு லேப்டாப்ல வெச்சுப் பாதுகாக்க எனக்குத் தெம்பு இல்லை. அதனாலதான் செய்ய மாட்டேன்னு சொன்னேன். ஒன்றியச் செயலாளர் அண்ணன் முழுசா கேட்டுட்டு, "அப்போ வேண்டாம்பா, பழையபடி வீடு வீடாப் போய் படிவம் எழுதுவோம்"னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு இந்த இடத்துல என் நன்றி.

படிவத்துல பேர், முகவரி, கையெழுத்து மட்டும் கேட்போம். நம்ம பேர்ல யாராவது செல்ஃபி கேட்டு லிங்க் அனுப்பினா அது நம்ம லிங்க் இல்லை. உடனே அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்க.

அரவிந்த்சாமி அண்ணன் கோவிச்சுக்க வேண்டாம். நீங்க நேர்லயே நல்லா இருக்கீங்க.